தணிந்த சூட்டில் வெள்ளை மெராங்: சேலத்து ஓடிஜிக்கும் ஏற்காட்டு மூட்டத்துக்கும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா, மெராங் வெள்ளையாவும் மொறுமொறுன்னும் வரணும்னா எத்தனை டிகிரி வைக்கணும், எவ்வளவு நேரம் வைக்கணும்?

முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்த நுரையை நாலு சென்டிமீட்டர் அகலத்தில் பிழிந்த சிறிய மெராங்குக்குத் தட்டு இருக்கும் உயரத்தில் 90 டிகிரி செல்சியஸ் சூடும் இரண்டு மணி நேரமும் தேவை. அதன்பின் அடுப்பை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட வேண்டும். ஏழெட்டு சென்டிமீட்டர் அகலத்தில் கிண்ணம்போலப் பிழிந்து பின்னர் நிரப்பப்போகும் ஓடுகளாக இருந்தால் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வரை பிடிக்கும். அகலத்தைவிடச் சுவரின் தடிமனே நேரத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே தட்டில் சிறியதும் பெரியதுமாகக் கலந்து பிழிய வேண்டாம்.

இங்கே நடப்பது வேகவைத்தல் அன்று, உலர்த்தல். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீரை நிறம் மாறாமலும் நுரை உடையாமலும் வெளியேற்றுவதுதான் முழு வேலையும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் தண்ணீர் போவதற்கு முன்பே நிறம் வந்துவிடும்.

எதனால பழுப்பாகுது? சர்க்கரை கருகுறதாலயா?

சர்க்கரை கருகுவதற்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். மெராங்கில் அது நடப்பதில்லை. வெள்ளைக்கருவில் இயற்கையாகவே சிறிதளவு குளுக்கோஸ் இருக்கிறது. சூட்டில் அந்தக் குளுக்கோஸ் புரதத்தோடு சேர்ந்து நிறம் கொடுக்கிறது, ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வினையால்தான். சூடு கூடக்கூட இந்த வினை வேகமெடுக்கும் என்பதால், 90 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்தும் வெள்ளையாக இருக்கும் மெராங் 120 டிகிரியில் முக்கால் மணி நேரத்திலேயே தந்த நிறத்துக்குப் போய்விடுகிறது.

எலுமிச்சைச் சாறு வெண்மையைக் காக்கும் என்று எண்ணித் தாராளமாக ஊற்றுபவர்களும் உண்டு. இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவுக்குக் கால் தேக்கரண்டி போதும், அதுவும் நுரையை நிலைநிறுத்துவதற்காகத்தான். புளிப்பு மிகுந்தால் சூட்டில் சர்க்கரையின் ஒரு பகுதி பிரிந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாறும். அவை சீக்கிரம் பழுப்பாவதோடு, காற்றிலிருக்கும் ஈரத்தையும் கூடுதலாக இழுக்கும். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் சுவைக்கு நல்லவைதான், ஆனால் அவற்றை வைத்து வெள்ளை ஓட்டை எதிர்பார்க்க முடியாது.

எங்க ஓடிஜில 100-க்குக் கீழ எண்ணே இல்ல. 100-ல வெச்சாலும் மேல மட்டும் சிவந்துடுது. என்ன பண்றது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, சற்று விரிவாகவே சொல்கிறேன். குமிழில் 100 என்று எழுதியிருப்பதை அடுப்பின் உள்சூடு என்று நம்ப வேண்டாம். வீட்டு ஓடிஜியின் தெர்மோஸ்டாட், சூடு குறைந்ததும் கம்பிகளை முழுவீச்சில் எரியவிட்டு, எல்லை தாண்டியதும் அணைக்கிறது. அப்படி எரிந்து அணையும்போது உள்ளே சூடு ஒரே அளவில் நிற்பதில்லை. 85-க்கும் 120-க்கும் இடையில் ஏறி இறங்கும் அடுப்புகள் சாதாரணம். ஆகவே அடுப்புக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி, தட்டு வைக்கும் உயரத்தில் நிறுத்தி, கண்ணாடி வழியே மூன்று நான்கு சுற்றுகள் பாருங்கள். ஏறும் உச்சம் 100-ஐத் தாண்டாத இடத்தில் குமிழை நிறுத்தி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். 100 என்ற எண்ணுக்குக் கீழே, அணைநிலைக்கு முன்னால், குமிழ் சற்றே திரும்பும் இடைவெளி பெரும்பாலான அடுப்புகளில் இருக்கும். நம் வேலை அந்த இடைவெளியில்தான்.

மேல்பக்கம் மட்டும் சிவப்பதற்குக் காரணம் காற்றின் சூடு அன்று, மேல்கம்பியின் நேரடி அனல். கம்பி செந்நிறமாக எரியும்போது எதிரே இருக்கும் நுரையின் முனையை அது சுடும். வெப்பமானி அப்போதும் 95 என்றே காட்டும். மேல்கம்பியை நிறுத்தும் வசதி இருந்தால் கீழ்க்கம்பியை மட்டும் எரியவிடுங்கள். இல்லையென்றால் மேல் தளத்தில் ஒரு வெறுந்தட்டைச் செருகி மறைத்துவிடுங்கள். கீழ்க்கம்பி மட்டும் எரியும்போதும் மிகக் கீழ்த் தளத்தில் இன்னொரு வெறுந்தட்டு இருப்பது நல்லது, இல்லாவிட்டால் அடிப்பாகம் சிவக்கும்.

இன்னொன்று: அடுப்பு முதலில் சூடாகும்போது கம்பிகள் நெடுநேரம் விடாமல் எரியும். அந்த நேரத்தில் தட்டு உள்ளே இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு சுற்றுகள் எரிந்து அணைந்த பிறகு தட்டை வையுங்கள்.

மைக்ரோவேவ்ல இருக்கற கன்வெக்ஷன்ல பண்ணலாமா?

செய்யலாம். ஆனால் பல மாடல்களில் 40 டிகிரிக்கு அடுத்த எண்ணே 100 ஆகவோ 110 ஆகவோ இருக்கிறது. உள்ளே விசிறி சுழல்வதால் உலர்வது வேகமாகும், நிறமும் சற்று முன்னதாகவே வரும். 100-இல் வைத்து ஒன்றரை மணி நேரத்திலேயே ஒன்றை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். 110-க்குக் கீழே இறங்காத மாடலாக இருந்தால் தூய வெண்மை கிடைப்பது அரிது. மெல்லிய தந்த நிறத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள், மொறுமொறுப்புக்குக் குறைவிருக்காது.

அளவு சரியா சொல்லுங்க. முட்டை இரண்டு வெச்சு ஒரு தடவை முழுசா பண்ணிக் காட்ட முடியுமா?

நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் நாமக்கல் முட்டை இரண்டை உடைத்தால் ஏறத்தாழ 60 கிராம் வெள்ளைக்கரு கிடைக்கும். சர்க்கரை அதன் எடையில் இரண்டு மடங்கு, அதாவது 120 கிராம். கடைச் சர்க்கரையின் மணி பெரிது, அது எளிதில் கரையாது. மிக்ஸியில் அரை நிமிடம் ஓட்டி, ரவையைவிட நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் ஐசிங் சர்க்கரையில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும் என்பதால் இதற்கு வேண்டாம்.

முட்டை குளிர்ச்சியாக இருக்கும்போதே மஞ்சள் துளியும் கலக்காமல் பிரித்து, சற்று நேரம் வெளியே வைத்து, எண்ணெய்ப்பசை இல்லாத எவர்சில்வர் பாத்திரத்தில் அடியுங்கள். நுரை பொங்கித் தளர்ந்த முனை நிற்கத் தொடங்கியதும் எலுமிச்சைச் சாற்றை விட்டு, சர்க்கரையை ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேர்க்க வேண்டும். கைபீட்டரில் எல்லாமாக எட்டுப் பத்து நிமிடம் ஆகும். நுரையில் சிறிது எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறவென்று தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் இன்னும் அடியுங்கள்.

இப்போது தராசை எடுங்கள். தட்டையும் பட்டர் பேப்பரையும் சேர்த்து எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, அதன்மேல் பிழிந்த பிறகு மறுபடி எடைபோடுங்கள். பாத்திரத்திலும் பையிலும் ஒட்டியது போக, தட்டில் 170 கிராம் நுரை சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளைக்கரு, ஆகவே உள்ளே இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 50 கிராம். இரண்டு மணி நேரம் கழித்து அதே தட்டை எடைபோடும்போது 45 முதல் 50 கிராம் வரை குறைந்திருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். 35 கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால் மேல் ஓடு எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் நடுவில் ஈரம் இருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் வைக்க வேண்டும். பார்வைக்கும் தொடுகைக்கும் ஏமாற்றிவிடும் இந்தப் பண்டத்தில் தராசு பொய் சொல்லாது என்பதால், நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மாலை நான்கு மணிக்கு அடுப்பில் வைத்தால் ஆறு மணிக்கு எடைபோட்டு அணைத்து, ஏழு மணிவாக்கில் டப்பாவில் போடலாம். முதல் ஒரு மணி நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை கதவை இரண்டு மூன்று விநாடி திறந்து மூடினால் தேங்கிய ஆவி வெளியேறிவிடும். மரக்கரண்டியைச் செருகிக் கதவைத் திறந்தே வைப்பது பெரிய அடுப்புக்குச் சரிவரும். ஓடிஜியில் அப்படிச் செய்தால் உள்சூடு விடாமல் குறைய, கம்பி விடாமல் எரிந்து, நாம் தவிர்க்க நினைத்த நேரடி அனலே கூடிவிடும்.

இரண்டு மணி நேரம் ஆகியும் அமுக்கினா மெத்துனு இருக்கு. வேகலையா?

சூடாக இருக்கும்போது நன்றாக உலர்ந்த மெராங்கும் சற்று மெத்தென்றுதான் இருக்கும். தண்ணீர் போனபின் மிஞ்சுவது கண்ணாடி போன்ற சர்க்கரைப் படலம். அது சூட்டில் இளகி, ஆறியபின்தான் இறுகும். சோதிக்க வேண்டுமானால் ஒன்றை மட்டும் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். உடையும்போது காய்ந்த சத்தம் வந்து நடுவிலும் பொடிந்தால் சரி. நடுவில் பசைபோல நூலிழுத்தால் நேரம் போதவில்லை. காகிதத்திலிருந்து ஒட்டாமல் எழும்புவது நல்ல அறிகுறிதான், ஆனால் அது அடிப்பாகம் உலர்ந்ததை மட்டுமே சொல்லும்.

ராத்திரி முழுக்க அடுப்புக்குள்ளயே விட்டுடணும்னு சொல்றாங்களே?

அந்த யோசனை தடித்த சுவருள்ள அடுப்புகளுக்கு உரியது. செங்கல் சுவர் கொண்ட விறகடுப்பு நெருப்பைத் தணித்த பிறகும் பல மணி நேரம் சூட்டை வைத்திருக்கும். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பின் மிச்சச் சூடு இந்தப் பண்டத்துக்கு மிகவும் ஏற்றது. தூத்துக்குடி மக்ரூனும் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும் சேர்ந்து மெல்லிய சூட்டில் நின்று உலரும் இதே குடும்பத்துப் பண்டம்தான். அப்படிப்பட்ட அடுப்பில் இரவெல்லாம் கிடந்தால் அது தொடர்ந்து உலர்ந்துகொண்டே இருக்கும்.

நம் வீட்டு ஓடிஜியின் சுவரோ மெல்லிய தகடு. அணைத்த ஒரு மணி நேரத்திலேயே அறைச்சூட்டுக்கு அருகில் வந்துவிடும். அதற்குப் பிறகு அது அடுப்பு அல்ல, இடுக்குகள் உள்ள ஒரு தகரப்பெட்டி. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு நன்மைகள் கிடைக்கின்றன: மிச்ச ஈரம் மெல்ல வெளியேறுகிறது, ஓடு திடீரெனக் குளிர்ந்து விரிசல் விடாமல் சீராகச் சுருங்குகிறது. இதற்கு மேல் உள்ளே வைப்பதால் நன்மையா கேடா என்பது அன்றைய காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. மார்ச் மாதச் சேலத்தில் காற்று வறண்டிருக்கும்போது விடியும்வரை கிடந்தாலும் கேடில்லை. ஐப்பசி மழையில் காலையில் திறந்தால் பிசுபிசுக்கும்.

ஓடிஜியில் ஆறும் சூட்டை நம்பிக் கடைசி அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது. தகட்டு அடுப்பில் உலர்த்தல் முழுவதும் அணைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நாங்க ஏற்காட்டுல இருக்கோங்க. மூட்டம் போட்ட நாள்ல மெராங் பண்ணவே முடியாதா?

முடியும். மூட்டம் கெடுப்பது சுடும் நேரத்தை அன்று, ஆறும் நேரத்தை. இருபது டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கும் காற்றையே அடுப்புக்குள் இழுத்து 90 டிகிரிக்குச் சூடாக்கினால், அந்தச் சூட்டில் அது தாங்கக்கூடிய ஈரத்தில் மூன்று நான்கு விழுக்காடுதான் அதில் இருக்கும். அதாவது ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்து சில்வர் ஓக் மரம் தெரியாத நாளிலும், அடுப்புக்குள் இருப்பது பாலைவனக் காற்று. எனவே அடுப்பு எரியும்வரை சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அணைத்தபின் கதை மாறுகிறது. அடுப்பு ஆற ஆற, உள்ளே நுழையும் மூட்டக் காற்று மறுபடி ஈரமான காற்றாகிவிடும். சர்க்கரைப் படலம் அதை உடனே உறிஞ்சத் தொடங்கும். ஆகவே மலையில் முழுமையாக ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். தட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக, வெப்பமானி 40-ஐ ஒட்டிக் காட்டும்போதே எடுத்து, இறுக மூடும் டப்பாவில் போட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் உலர்ந்த மெராங் டப்பாவுக்குள் வியர்க்காது. வியர்த்தால் உலர்த்தல் முடியவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

உயரத்தால் வரும் மாற்றம் ஒன்றும் உண்டு. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சேலத்தில் பிழைத்துக்கொள்ளும் 100 டிகிரி, மேலே ஈரநுரைக்கு அதிகம். உள்ளே ஆவி வேகமாகப் பெருகி ஓட்டை வெடிக்கச் செய்யும். 85-க்கும் 90-க்கும் இடையில் வைத்து நேரத்தை அரை மணி கூட்டுங்கள். நுரையையும் விறைத்து உதிரும் அளவுக்கு அடிக்காமல், முனை லேசாக வளையும் நிலையிலேயே நிறுத்துங்கள். காற்றழுத்தம் குறைவான இடத்தில் குமிழிகள் கூடுதலாக விரியும்.

மேல தேன் மாதிரி சொட்டு சொட்டா வருது, அது என்ன?

சர்க்கரைப் பாகு. வெளிறிய சொட்டு அடிப்பாகத்தில் கசிந்திருந்தால் சர்க்கரை கரையாமல் விட்டிருக்கிறீர்கள். பொன்னிறச் சொட்டு மேல்புறத்தில் முத்துப்போல நின்றால் சூடு அதிகம். புரதம் சட்டென்று இறுகித் தன்னிடமிருந்த தண்ணீரைச் சர்க்கரையோடு பிழிந்து வெளியே தள்ளியிருக்கிறது.

வெளிய நல்லா இருக்கு, உடைச்சா உள்ள பொந்தா இருக்கு.

இதுவும் சூட்டின் கோளாறுதான். மேல் ஓடு முந்திக்கொண்டு இறுகிவிட, உள்ளே இன்னும் இறுகாத நுரை தளர்ந்து கீழே படிந்து, நடுவில் வெற்றிடம் விட்டுவிடுகிறது. அளவுக்கு மிஞ்சி அடித்த நுரையிலும் இப்படி வரும். கிண்ண ஓடாக வைத்து நிரப்பப்போகிறீர்கள் என்றால் பொந்து பெரிய குறையில்லை. சிறு மெராங்குகளில்தான் கடிக்கும்போது தெரியும்.

நடுவுல கரண்ட் போயிடுச்சு. எடுத்துடலாமா?

எடுக்க வேண்டாம், கதவையும் திறக்க வேண்டாம். இருபது நிமிடத்துக்குள் மின்சாரம் வந்துவிட்டால் இழப்பு அதிகமில்லை, போன நேரத்தை இறுதியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வந்தவுடன் நடப்பதைக் கவனிக்க வேண்டும். ஆறிப்போன அடுப்பைப் பழைய சூட்டுக்குக் கொண்டுவரக் கம்பிகள் விடாமல் எரியும், வெள்ளையாக இருந்தது அந்தச் சில நிமிடத்தில்தான் சிவக்கும். எனவே மின்சாரம் போனதுமே குமிழை அணைநிலைக்குத் திருப்பிவிடுங்கள். வந்த பிறகு சிறிது சிறிதாக ஏற்றி, நீங்கள் கோடு போட்ட இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் மின்சாரம் போய், ஒரு மணி நேரம் வரவில்லை என்றால் நுரை தளர்ந்திருக்கும். அதைக் காப்பாற்றுவது கடினம்.

எத்தனை நாள் வெச்சிருக்கலாம்? ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா?

ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெளியே எடுத்தவுடன் அதன்மேல் ஈரம் படியும். எவர்சில்வர் டப்பாவின் மூடி வழியே காற்று புகும் என்பதால் அதுவும் உதவாது. ரப்பர் வளையமும் பூட்டும் உள்ள பிளாஸ்டிக் டப்பாவோ கண்ணாடி ஜாடியோ வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பண்டத்தில் படாமல் போட்டுவைத்தால் இரண்டு வாரம் தாராளமாக நிற்கும். அடிக்கடி திறந்து எடுக்கும் வீடாக இருந்தால் சிறு சிறு டப்பாக்களாகப் பிரித்து வைப்பது நல்லது.

நமுத்துப் போனதைத் திரும்ப மொறுமொறுப்பாக்க முடியுமா?

வெறும் ஓடாக இருந்தால் முடியும். அதே 90 டிகிரியில் இருபது முப்பது நிமிடம் வைத்து, அணைத்து, உள்ளேயே வெதுவெதுப்பாகும்வரை ஆறவிடுங்கள். ஓட்டின் மேல் பாகு கசிந்து சுருங்கிவிட்டிருந்தால் திரும்பாது.

கிரீம் வெச்சா பத்து நிமிஷத்துல ஊறிடுது, பார்ட்டிக்கு எப்படி முன்னாடியே தயார் பண்றது?

ஓட்டின் உட்புறத்தில் உருக்கிய சாக்லெட்டை மெல்லிய பூச்சாகத் தடவி உறையவிடுங்கள். கொழுப்புப் படலம் கிரீமின் ஈரத்தைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்தும். அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான். ஏற்காட்டு ஆரஞ்சுச் சுளை வைப்பதாக இருந்தால் தோல் நீக்கி, சாறு வடிய விட்டு, பரிமாறும்போது மட்டும் மேலே வையுங்கள். காப்பி மணம் வேண்டுபவர்கள் டிகாஷனைக் கிரீமில் கலந்துகொள்ளலாம். நுரையில் கலந்தால் தண்ணீர் கூடி நுரை தளர்வதோடு, வெண்மையும் போய்விடும்.